பீஸ் ரேட் நோட்டீஸில் எந்தெந்த எண்கள் இருக்க வேண்டும்?

"கை ஏற்ற பீஸுக்கு ரூ.1.10, டேமேஜ் ஆனால் பிடித்தம்." பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் நோட்டீஸ் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடக் கூடாது. சண்டை வருவதெல்லாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான்.

முதலில் அந்த 1.10 எப்படி வந்தது? ஓர் உதாரணக் கணக்கு. டி-ஷர்ட்டுக்குக் கை ஏற்றும் ஓவர்லாக் வேலைக்கு டைம் ஸ்டடியில் ஒரு பீஸுக்கு 0.6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடமும் மிஷின் நிற்காமல் ஓடினால் 800 பீஸ். பண்டில் அவிழ்ப்பது, நூல் மாற்றுவது, ஊசி ஒடிவது எல்லாம் போக 60 சதவீதம் என்றால் 480 பீஸ். நாள் கூலி 528 ரூபாயை 480-ஆல் வகுத்தால்தான் 1.10. அதையே 800-ஆல் வகுத்தால் வெறும் 66 காசு. எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று நோட்டீஸில் கட்டாயம் இருக்க வேண்டும். எத்தனை பீஸ் ஓடினாலும் அரசு அறிவித்த குறைந்தபட்ச நேரக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. பண்டிலுக்கு 30 பீஸ் என்று டிக்கெட்டில் இருந்தாலும் கட்டிங்கில் ஒன்று எடுக்கப்பட்டு 29 வரலாம். அதனால் அவிழ்க்கும்போதே எண்ணி, குறைந்தால் அங்கேயே சூப்பர்வைசரிடம் டிக்கெட்டைத் திருத்தி வாங்க வேண்டும். தைத்து முடித்ததும் கணக்கா, செக்கிங் பாஸானதும் கணக்கா என்பதும் தெளிவாக வேண்டும். செக்கிங் தேங்கினால் இந்த வாரக் கூலி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதற்குத் தைத்தவர் பொறுப்பில்லை. தைத்து முடித்ததும் கணக்கு என்பதே சரி.

பிடித்தத்தில்தான் அநியாயம் அதிகம். மேலே சொன்ன 480 பீஸில் 14 ஆல்டர், 3 டேமேஜ் என்று வைப்போம். ஆல்டரைத் தைத்தவரே பிரித்துச் சரிசெய்தால் கூலி குறையாது. மறுபடி தைத்ததற்குத் தனிக் கூலியும் இல்லை. டேமேஜ் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை தையல் கோட்டிலேயே வரிசையாக இருந்தால் ஊசி வெட்டு. தையலுக்குத் தொலைவில், ஏணிபோல நீளவாக்கில் இழை அவிழ்ந்திருந்தால் அது பெரும்பாலும் நிட்டிங் குறை. தைத்தவர் தலையில் கட்டக் கூடாது. ஊசி வெட்டு என்றாலும் மழுங்கிய ஊசியை மாற்றச் சொல்லியும் மெக்கானிக் வரவில்லையென்றால் அந்தத் தவறு லைனுடையது.

மூன்றில் இரண்டு தைத்தவர் தவறு என்றே வைத்தாலும், அந்த இரண்டின் கூலியை நிறுத்தினால் போவது ரூ.2.20, கைக்கு 525.80 வரும். பீஸ் விலை 150 ரூபாய் என்று மூன்றுக்கும் போட்டால் 450 போய் 78 ரூபாய்தான் மிஞ்சும். சேதத்துக்குப் பிடிக்குமுன் தொழிலாளி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், உண்மையான நட்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது; அதற்கு முன்பிருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் இதையே சொன்னது. அந்த விளக்கத்தை யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்வது என்ற வரியையும் நோட்டீஸில் கேட்டு வாங்குங்கள். டேமேஜ் பீஸைக் கண்ணில் காட்டாமல் பிடித்தச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.