தவறே செய்யாத ஓட்டுநர் முதலிடத்தை இழப்பது எப்படி?

ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை முதன்முறையாக முழுவதும் பார்த்த என் அக்கா மகன், முடிந்ததும் கேட்டான்: "மாமா, முன்னால் போனவர் யார் மீதும் மோதவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. வேறு யாருடைய காரோ ஓரமாக நின்று போனதற்கு அவர் ஏன் முதலிடத்தை இழக்க வேண்டும்?" இணையத்தில் கிடைக்கும் கொடி நிறப் பட்டியலை அவன் முன்கூட்டியே மனப்பாடம் செய்திருந்தான், அந்தப் பட்டியல் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. உதவாது என்பதே என் கருத்து. ஆபத்து எங்கே இருக்கிறது, அங்கே மனிதர்கள் இறங்கி வேலை செய்கிறார்களா, அதற்காக எவ்வளவு தூரத்துக்கு வேகம் குறைக்கப்படுகிறது என்ற வரிசையில் பார்த்தால்தான் கொடிகள் புரியும்.

மஞ்சளில் தொடங்குவோம். ஒரு மஞ்சள் கொடி அசைந்தால், அந்தப் பகுதியில் ஏதோ ஆபத்து இருக்கிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது என்று பொருள். இரண்டு மஞ்சள் கொடிகள் சேர்ந்து அசைந்தால், பாதை முழுவதுமோ பகுதியோ அடைபட்டிருக்கிறது, அல்லது மார்ஷல்கள் எனப்படும் பாதையோரப் பாதுகாப்புப் பணியாளர்கள் பாதையிலோ அதை ஒட்டியோ நிற்கிறார்கள். தேவைப்பட்டால் நின்றுவிடும் அளவுக்கு ஓட்டுநர் தயாராக இருக்க வேண்டும். ஆபத்தைக் கடந்ததும் பச்சைக் கொடி தெரியும். இங்கே கவனிக்க வேண்டியது, மஞ்சள் கொடி அந்த இடத்துக்கு மட்டுமே உரியது என்பதாகும். மற்ற இடங்களில் பந்தயம் முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். எந்த அளவுக்கு வேகத்தைக் குறைப்பது என்பதும் பெரும்பாலும் ஓட்டுநரின் மனத்தைப் பொறுத்ததாகவே வெகுகாலம் இருந்தது.

அதன் விலை 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசூகா பாதையில் தெரிந்தது. மழையில் அட்ரியன் சுடிலின் கார் பாதையை விட்டு விலகித் தடுப்பில் மோதியது. இரட்டை மஞ்சள் கொடிகள் அசைந்துகொண்டிருக்க, அந்தக் காரைத் தூக்க ஒரு டிராக்டர் வந்து நின்றது. அடுத்த சுற்றில் அதே வளைவில் ழூல் பியாங்கியின் கார் கட்டுப்பாட்டை இழந்து அந்த டிராக்டரின் மீது மோதியது. தலையில் பட்ட காயத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 2015 ஜூலையில் இறந்துபோனார். அந்த ஆண்டு முதல் விர்ச்சுவல் சேஃப்டி கார் என்ற முறை நடைமுறைக்கு வந்தது.

பெயரில் கார் இருந்தாலும் இதில் கார் எதுவும் வருவதில்லை. பாதையோரப் பலகைகளில் VSC என்ற எழுத்துகள் தோன்றும். பாதை பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் கடக்கக் குறைந்தது இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு எல்லா ஓட்டுநர்களின் ஸ்டியரிங் திரையிலும் ஓடும். அதைவிட வேகமாகப் போனால் தண்டனை கிடைக்கும். எல்லோரும் ஒரே அளவில் மெதுவாவதால் அவர்களுக்கிடையிலான இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கும். முடியப்போகும் செய்தி வந்து 10 முதல் 15 விநாடிகளுக்குள், எந்தக் கணம் என்று யாருக்கும் தெரியாமல், விளக்கு பச்சையாகும்.

இடைவெளி மாறாதென்றால் முதலிடம் எப்படிப் பறிபோகிறது? டயர் மாற்றும் நிறுத்தத்தில்தான். எளிய எண்களை வைத்துக்கொள்வோம். டயர் மாற்றுவதற்காகப் பாதையிலிருந்து பிரியும் பிட் லேன் என்ற ஒதுக்குத் தடத்துக்குள் வேகக் கட்டுப்பாட்டோடு நுழைந்து, டயர் மாற்றி, வெளியேற ஒருவருக்கு 25 விநாடி ஆகிறது. அதே நீளத்தைப் பாதையில் பந்தய வேகத்தில் கடக்க 5 விநாடி போதும். ஆகவே வழக்கமான நிறுத்தத்தில் அவர் இழப்பது 20 விநாடி. இப்போது VSC நடப்பில் இருக்கிறது, பாதையில் இருப்பவர்கள் பந்தய வேகத்தில் அறுபது சதவீதத்தில்தான் போகிறார்கள் என்று கொள்வோம். பிட்டில் இருப்பவருக்கு அதே 25 விநாடிதான் ஆகிறது. பிட் லேன் வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் அந்த 25 விநாடியில் எதிராளியால் பந்தய வேகத்தில் 15 விநாடிக்குரிய தூரத்தையே கடக்க முடிகிறது. அதில் பிட்டை ஒட்டிய 5 விநாடித் தூரத்தைக் கழித்தால் இழப்பு 10 விநாடி மட்டுமே. அதாவது, நிறுத்தம் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

2018 மார்ச்சில் மெல்பர்னில் நடந்தது இதுவேதான். லூயிஸ் ஹாமில்டன் முதலிடத்தில் இருந்தார். கிமி ரைக்கோனன் டயர் மாற்றியதும், அவர் முந்திவிடாமல் இருக்க ஹாமில்டனும் அடுத்த சுற்றிலேயே மாற்றிக்கொண்டார். செபாஸ்டியன் வெட்டல் மாற்றாமல் தொடர்ந்து ஓடினார். ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் டயர் மாற்றிக்கொண்டு வெளியேறிய சிறிது நேரத்திலேயே, சக்கரம் சரியாகப் பொருந்தாததால், அடுத்தடுத்துப் பாதையில் நின்றன. இரண்டாவதாக நின்ற ரொமான் கிரோஷானின் காரை அகற்றுவதற்காக VSC அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் வெட்டல் உள்ளே போய்விட்டு ஹாமில்டனுக்கு முன்னால் வெளியே வந்தார். கடைசிவரை அந்த இடத்தை விடவும் இல்லை. ஹாமில்டன் முழு விலை கொடுத்து வாங்கியதை வெட்டல் பாதி விலைக்கு வாங்கினார் என்றுதான் மருமகனுக்குச் சொன்னேன்.

காரை அகற்ற அதிக நேரம் ஆகுமானால், எல்லோருக்கும் முன்னால் ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் உண்மையான சேஃப்டி கார் வெளியே வரும். மெல்பர்னிலும் VSC-ஐத் தொடர்ந்து அது வந்தது. 2000 முதல் அதன் நிரந்தர ஓட்டுநர் பெர்ண்ட் மைலாண்டர். கூரையில் ஆரஞ்சு விளக்குகள் எரிய, மற்ற கார்கள் அதன் பின்னால் பத்துக் கார் நீளத்துக்குள் வரிசையாக நெருங்கி ஓட வேண்டும். எல்லோரும் ஒரே கூட்டமாக வருவதால், கூட்டம் கடந்து சென்ற பிறகு மார்ஷல்களுக்குத் தொடர்ச்சியாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. ஆனால் ஒருவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த இருபது விநாடி முன்னிலை ஒரு விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. ஆரஞ்சு விளக்குகள் அணைந்தால் அந்தச் சுற்றின் முடிவில் சேஃப்டி கார் உள்ளே போகிறது என்று பொருள். அதன்பின் வேகத்தைத் தீர்மானிப்பவர் முதலிடத்தில் இருப்பவர்தான். அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போய்த் திடீரெனப் பாயும் அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல் பாருங்கள். பந்தயம் தொடங்கி முடியும் கோட்டைத் தாண்டும்வரை முந்த அனுமதி இல்லை.

இப்படிப் பாதி விலைக்கு டயர் மாற்றுவது அநியாயம், சேஃப்டி கார் ஓடும்போது பிட் லேனை மூடிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 2007, 2008 ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் அதைச் செய்து பார்த்தது. அது எரிபொருள் இடையில் நிரப்பிக்கொண்ட காலம். எரிபொருள் தீரும் நிலையில் இருந்தவர் மூடிய பிட்டுக்குள் போய்த் தண்டனை வாங்குவதா, பாதையில் நின்றுபோவதா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார். ஒருவரின் அதிர்ஷ்டத்தைத் தடுக்கப் போய் இன்னொருவரின் துரதிர்ஷ்டத்தை உண்டாக்கியதால் அந்த விதி கைவிடப்பட்டது. எனவே பாதி விலை நிறுத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நீலக் கொடியைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு சுற்றுப் பின்தங்கியவர், பின்னால் வரும் வேகமான காருக்கு வழிவிட வேண்டும் என்பதே அதன் பொருள்.

என்னால் ஏற்க முடியாதது சிவப்புக் கொடியில் உள்ள சலுகைதான். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டு எல்லாக் கார்களும் பிட் லேனுக்குள் வந்து நிற்க வேண்டும், அது சரி. ஆனால் நிற்கும்போது டயரையும் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஒரு விநாடி இழப்பும் இல்லை. 2011இல் மொனாக்கோவில் வெட்டல் தேய்ந்த டயர்களோடு முன்னே போக, ஃபெர்னாண்டோ அலோன்சோவும் ஜென்சன் பட்டனும் அவர் காரை ஒட்டியபடி துரத்தினார்கள். சில சுற்றுகளே மீதி இருக்கையில் ஒரு விபத்து, சிவப்புக் கொடி, மூவருக்கும் புதிய டயர். யார் தாக்குப்பிடிப்பார் என்று நாற்காலி நுனியில் காத்திருந்த எனக்கு அதன் விடை தெரியாமலே போனது. வெட்டல் வென்றார்.