அழைப்பு வர வேண்டுமானால் மீடியா கிட்டில் முதலில் தலைப்புகளைத் திருத்துங்கள்

கிளிநொச்சியில் ஒரு சிறிய பொட்காஸ்ட் நடத்துபவன் என்ற வகையில், விருந்தினராக வர விரும்புகின்றவர்கள் அனுப்பும் மீடியா கிட்டுகளை அடிக்கடி வாசிக்கிறேன். வன்னியிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை வேலைக்கு விண்ணப்பிக்கும் சுயவிவரக் கோவை போலவே இருக்கின்றன. பிறந்த ஊர், படித்த பாடசாலை, பெற்ற சான்றிதழ்கள், வகித்த பதவிகள் என்று நான்கைந்து பக்கங்கள் நிறைந்திருக்கும். ஒருவரை அழைப்பதா இல்லையா என்று தீர்மானிக்க எனக்கு வேண்டியவை மூன்றுதான்: இவருடன் நாற்பது நிமிடம் எதைப் பற்றிக் கதைக்கலாம், இவருடைய பேச்சை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார், ஒலிவாங்கிக்கு முன்னால் இவர் எப்படிக் கதைப்பார். இவற்றுக்கு இரண்டு பக்கங்கள் போதும். மூன்றிலும் தலைப்புகள் பகுதியே அழைப்பைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம் என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் கச்சான் செய்கையில் ஈடுபட்டு, அதைப் பற்றி யூடியூப்பில் காணொளிகளும் வெளியிடும் ஒரு தங்கச்சியின் கிட்டை அவருடன் இருந்து திருத்தினேன். அவருடைய சம்மதத்துடன், பெயரைத் தவிர்த்து, அதை இங்கே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். அவர் முதலில் எழுதியிருந்த தலைப்புகள் இவை: விவசாயம், பெண்களின் முன்னேற்றம், தன்னம்பிக்கை, இளைஞர்களும் சுயதொழிலும். இவற்றில் எதை எடுத்தாலும் இதே தலைப்பில் கதைக்கக்கூடிய வேறு பலர் மாவட்டத்திலேயே இருப்பதால், இவரைத்தான் அழைக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் காரணம் இல்லை. கச்சான் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லாததைச் சுட்டிக்காட்டியபோது, "அண்ணா, கச்சானைப் பற்றி அரை மணித்தியாலம் ஆர் கேட்டுக்கொண்டு இருப்பினம்?" என்று கேட்டார். பலருக்கும் இந்தத் தயக்கம் இருக்கிறது. தாங்கள் நாளாந்தம் செய்யும் வேலை மற்றவர்களுக்கும் தெரிந்ததுதான் என்று எண்ணி, பெரிதாகத் தோன்றும் பொதுச் சொற்களுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே, மற்றவர்கள் அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது என்ன, காணொளிகளின் கீழ் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் எவை என்று இருவருமாகத் தேடிப் பார்த்தோம். பிடுங்கிய கச்சானைக் காயவைப்பது, பூஞ்சணம் பிடிப்பது, வியாபாரி சொல்லும் விலைக்கு உடனே கொடுப்பதா அல்லது வைத்திருப்பதா என்பன மீண்டும் மீண்டும் வந்தன. அவற்றிலிருந்து மூன்று தலைப்புகளை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெளிவான பெயரும், இரண்டு வரி விளக்கமும், நிகழ்ச்சி நடத்துபவர் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளும் எழுதினோம். முதலாவது தலைப்பு கிட்டில் இப்படி அமைந்தது:

"காய்ந்த கச்சானில் ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது? பிடுங்கிய பின் வரும் முதல் நாட்களில் கவனிக்க வேண்டியவை. அறுவடை நேரத்தில் மழை வந்தால் என்ன செய்வது, ஈரம் மாறியதை இயந்திரம் இல்லாமல் எப்படி அறிவது, சாக்குகளை எங்கே அடுக்குவது என்பவற்றைச் சொந்தத் தோட்டத்து அனுபவத்திலிருந்து விளக்குவேன். கேட்கக்கூடிய கேள்விகள்: கோதைக் குலுக்கிப் பார்த்து ஈரத்தை எப்படிக் கணிக்கிறீர்கள்? சேமிப்பதற்கு ஈரப்பதன் 8 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும் என்கிறார்கள், வெயிலில் மட்டும் அது முடியுமா? பூஞ்சணம் பிடித்த கச்சானை வறுத்தால் நஞ்சு போய்விடுமா? ஒரு சாக்கில் சிலவற்றில் மட்டும் பூஞ்சணம் இருந்தால் மிகுதியை என்ன செய்ய வேண்டும்?"

இதை வாசிக்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு ஒரு முழு உரையாடல் கண்முன் வந்துவிடுகிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் 'போகாது' என்பதுதான். அஃப்லடொக்சின் என்ற அந்த நஞ்சு வீட்டில் வறுக்கும் சூட்டில் முற்றாக அழிவதில்லை. கச்சான் செய்யாதவர்களும், பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுக்கும் தாய்மாரும் இந்தப் பதிலைக் கேட்க விரும்புவார்கள். தோட்டக்காரர் அல்லாதவருக்கும் பயன்படும் ஒரு கேள்வியாவது ஒவ்வொரு தலைப்பிலும் இருந்தால், பொதுவான நிகழ்ச்சிகளும் அழைக்கத் துணியும். ஆனால் பதில்களைக் கிட்டில் எழுதிவிட வேண்டாம். அவை பதிவுக்கு உரியவை.

தலைப்பு சரியாக அமைந்ததா என்று சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டி, இதைப் பற்றி என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். அவர் உடனே ஒரு கேள்வியைக் கேட்டால் தலைப்பு சரியாக அமைந்துவிட்டது. "நல்ல விடயம்" என்று மட்டும் சொன்னால் அது இன்னும் அகலமாகவே இருக்கிறது. கிட்டை அனுப்பிய பிறகும் இதே குறையை அறியலாம்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வருமானால், தலைப்புகள் வேலை செய்யவில்லை.

நிகழ்வுகளுக்கு இதே தலைப்பை வேறு விதமாகக் காட்ட வேண்டும். விவசாயக் கண்காட்சியையோ பாடசாலை நிகழ்வையோ ஒழுங்கு செய்பவருக்குக் கேள்விகள் தேவையில்லை. எவ்வளவு நேரம் எடுக்கும், என்ன கொண்டுவருவீர்கள், மண்டபத்தில் என்ன இருக்க வேண்டும் என்பனவே அவருக்குத் தேவை. ஆகவே தலைப்பின் கீழ், "20 நிமிட உரையாகவும் செய்யலாம், ஈரமான கச்சானையும் காய்ந்த கச்சானையும் கொண்டுவந்து, பார்வையாளரே குலுக்கிப் பார்க்கச் செய்வேன், ஒரு மேசையும் ஒலிவாங்கியும் போதும்" என்று ஒரு வரியைச் சேர்த்தோம்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வரியும் அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். தொழிலைப் பற்றிக் கதைக்க அழைத்துவிட்டு, ஒலிப்பதிவு தொடங்கியதும் இடப்பெயர்வையும் இழப்பையும் பற்றியே கேட்பது நம்மவர்கள் பலருக்கு நேர்ந்திருக்கிறது. அதைப் பேச விரும்புகின்றவர்கள் பேசலாம். விரும்பாதவர்கள் தலைப்புகளின் முடிவில், "2009ஆம் ஆண்டுக் காலத்துக் குடும்ப அனுபவங்களைப் பற்றி உரையாடுவதில்லை" என்று அமைதியாக எழுதிவிடலாம். அதை வாசித்த எந்த நல்ல நிகழ்ச்சியாளரும் மனம் கோணமாட்டார். ஒலிபரப்பின் நடுவே மறுப்பதைவிட இது இருவருக்கும் எளிது.

அடுத்தது பார்வையாளர் விபரம். சந்தாதாரர் எண்ணிக்கை சிறிதாக இருக்கிறதென்று இந்தப் பகுதியை விட்டுவிடுபவர்களும் உண்டு, எல்லாத் தளங்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டி எழுதுபவர்களும் உண்டு. கூட்டுவது தவறு, ஒரே ஆள் முகநூலிலும் யூடியூப்பிலும் இருப்பார், இரண்டு தடவை எண்ணப்படுவார். தளம் தளமாகப் பிரித்து, எந்த மாதத்துக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சந்தாதாரர் 1,400 பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பலர் இலங்கையில் இருந்து பார்க்கிறார்களா, கனடாவில் இருந்து பார்க்கிறார்களா என்பதை யூடியூப் ஸ்டூடியோவின் பார்வையாளர் பகுதி காட்டும். மிகச் சிறிய சனல்களுக்கு வயது, பால் விபரங்கள் அங்கே வராமலும் போகலாம். அப்போது ஊகித்து எழுதாமல் விட்டுவிடுவதே முறை. எண்கள் சொல்லாததைப் பின்னூட்டங்கள் சொல்லும். "கேள்வி கேட்பவர்களில் அதிகமானோர் முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஓரிரு ஏக்கரில் கச்சான் செய்பவர்கள், அடுத்ததாக, ஊரில் காணி வைத்திருக்கும் புலம்பெயர்ந்தவர்கள்" என்று தங்கச்சியின் கிட்டில் எழுதினோம். ஒரு விவசாய நிகழ்ச்சிக்கு இந்த ஒரு வாக்கியம் ஆயிரக்கணக்கான பொதுவான பார்வைகளைவிடப் பெறுமதியானது.

முன்னைய பங்கேற்புகளில் மூன்று அல்லது நான்கு போதும், புதியது முதலில். திகதி, நிகழ்ச்சியின் பெயர், பேசிய தலைப்பு, இணைப்பு ஆகியன இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலக் காணொளியின் இணைப்பை அப்படியே கொடுத்தால் யாரும் தேடிப் பார்க்கமாட்டார்கள். நீங்கள் நன்றாகப் பதில் சொன்ன இடம் 12 நிமிடம் 34 செக்கனில் தொடங்கினால், யூடியூப்பின் குறுகிய இணைப்பின் முடிவில் `?t=754` என்று சேர்த்தால் அங்கிருந்தே ஓடும். ஏற்கெனவே கேள்விக்குறி உள்ள இணைப்பானால் `&t=754` என்று சேர்க்க வேண்டும். நம் பகுதியில் நடக்கும் பல கூட்டங்கள் பதிவு செய்யப்படுவதில்லை. கமநல சேவை நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ பேசியிருந்தால், இடம், மாதம், ஏறத்தாழ எத்தனை பேர் இருந்தார்கள் என்பவற்றை எழுதி, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஒரு படத்தைச் சேருங்கள். பரிசு வாங்கும் படமும் பொன்னாடை போர்த்தும் படமும் இதற்கு உதவா. எங்கும் பேசியதே இல்லையென்றால், உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மூன்று நிமிடத்தில் பதில் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அந்த இணைப்பை மாதிரிப் பதிவு என்றே குறிப்பிட்டுக் கொடுங்கள். குரலும் சொல்லும் விதமும் தெரிந்தால் எனக்குப் போதும். பழைய நிகழ்ச்சிப் பட்டியல் இல்லாதவரையும் அழைத்திருக்கிறேன்.

கோப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். திரையில் அழகாக இருக்கும் அறிமுகக் குறிப்பை நிகழ்ச்சி நடத்துபவர் தன் பக்கத்தில் ஒட்டும்போது, அம்மா என்ற சொல் `mk;kh` என்று வந்து நிற்கும். யூனிகோட்டில் எழுதினாலும் பிடிஎஃப்பில் இருந்து பிரதி எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. ஆகவே, அரை நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய அறிமுகக் குறிப்பை, உங்களைப் படர்க்கையில் சொல்வதாக எழுதி, கூகுள் டொக்ஸிலும் தனியாக வைத்து இணைப்பைக் கொடுங்கள். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொகியூமென்டாக அனுப்புங்கள்; சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, சுவரொட்டிக்கு உதவாமல் போகும். ட்ரைவ் இணைப்பு `Restricted` என்று இருந்தால் வாசிப்பவர் அனுமதி கேட்க வேண்டிவரும், பெரும்பாலும் கேட்கமாட்டார். `Anyone with the link` என்று மாற்றிய பின், வேறொருவருடைய கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

கிட் கை மாறி எங்கும் போகும் என்பதால் வீட்டு முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத வேண்டாம்; ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். எந்தெந்த மொழிகளில் கதைப்பீர்கள், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பயணம் செய்ய முடியுமா, பயணச் செலவை எதிர்பார்க்கிறீர்களா என்பவற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம். புலம்பெயர் நிகழ்ச்சிகளுக்கு நேரத்தையும் குறிப்பிடுங்கள்: ரொறன்ரோவில் இரவு 8 மணி, கோடைகாலத்தில் நமக்கு அடுத்த நாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. வேலை முடித்து இரவில் பதிவு செய்பவர்களுக்கு, "இலங்கை நேரம் காலை 5.30 முதல் 7 வரை வசதி" என்ற வரி நாலைந்து குறுஞ்செய்திகளை மிச்சப்படுத்தும். தங்கச்சி தோட்டத்துக்குப் போக முன் கதைத்து முடிக்கவும் அந்த நேரமே தோதாக இருந்ததால், அவருடைய கிட்டின் கடைசி வரியாக அதையே வைத்தோம். அதன் கீழே, விபரங்களைக் கடைசியாகப் புதுப்பித்த மாதம் மட்டும் இருக்கிறது.