திரும்பக் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும்

ரெஜிஸ்டரில் பைனரி எண்களை வகுக்கும் மீட்கும் முறையைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருந்தார்: “கழித்து மைனஸ் வந்தால் ஈவில் 0 போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனால் போதும். வகுக்கும் எண் M-ஐத் திரும்பக் கூட்டுவது வீண் வேலை.”

தம்பி, 0 போடுவது சரி, மீதிதான் கவிழ்க்கிறது. நேற்று சிம்மக்கல் டீக்கடையில் பில்லின் பின்புறம் 11-ஐ 3-ஆல் வகுத்துப் பார்த்தேன். M = 00011; A-இல் மீதி நிற்கும்; Q-இல் முதலில் 11 இருக்கும், பிறகு ஈவு சேரும். ஒவ்வொரு சுற்றிலும் A, Q இரண்டையும் சேர்த்து ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தி, A-இலிருந்து M-ஐக் கழிக்கவேண்டும்; கோட்டுக்குறி, ஈவின் பிட்டை நிரப்பவேண்டிய இடம்.

```
   நகர்த்தியபின்   A−M      முடிவில் A, Q
0                         00000 1011
1  00001 011_    11110    00001 0110
2  00010 110_    11111    00010 1100
3  00101 100_    00010    00010 1001
4  00101 001_    00010    00010 0011
```

ஈவு 3, மீதி 2. முதலிரு சுற்றுகளில் A−M-இன் முன்பிட் 1, அதாவது மைனஸ். அதனால் M-ஐக் கூட்டிப் பழைய A-ஐ மீட்டேன். நீங்கள் சொன்னபடி விட்டால் முதல் சுற்றின் 11110 அப்படியே நகர்ந்து 11100 ஆகிறது, மறுபடி கழித்தால் 11001. கடைசியில் ஈவு 0000, மீதியின் இடத்தில் 11110. மீதி மைனஸில் நின்றாலே பிழை என்று தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் மீட்காத முறையோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். அதிலும் சும்மா விடுவதில்லை: A மைனஸானால் அடுத்த சுற்றில் நகர்த்தியபின் M-ஐக் கழிக்காமல் கூட்டவேண்டும்.

A-க்கு நான்கு பிட் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த எண்களுக்குப் போதும். M = 1111 என்றால் முன்பிட்டை மைனஸ் குறியாக நம்பமுடியாது.