தாமத வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால்

“ஒப்பந்தத்தில் வாடகைக்குக் கெடு 5-ஆம் தேதி என்று இருந்தால் அவ்வளவுதான். இத்தனை நாள் தாமதமாக வாங்கியிருந்தாலும் 6-ஆம் தேதியே காலி செய்யச் சொல்லலாம்.”

இப்படி ஒருவர் சொல்கிறார். அப்படி இல்லைங்க. ஒன்றரை வருடமாக மாதாமாதம் 12, 15 தேதிகளில் வந்த வாடகையை வீட்டு உரிமையாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கி, ரசீதும் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தேதியைக் கறாராகப் பார்க்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பல நாடுகளின் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நடத்தையை நம்பி இருந்தவரைத் திடீரென்று 6-ஆம் தேதி வெளியேற்றுவது நியாயமில்லை என்பதுதான் காரணம். ஓரிரு முறை பொறுத்துக்கொண்டது மட்டும் இதற்குப் போதாது.

இன்னொருவர் “அப்போ இனி எப்ப வேணும்னாலும் கட்டலாம்” என்கிறார். அது பாதிதான் சரி. வாடகைக் கடன் அப்படியே இருக்கிறது. “அடுத்த மாதத்திலிருந்து 5-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்” என்று போதிய அவகாசத்தோடு எழுத்தில் சொல்லிவிட்டால், அதன்பின் அந்தத் தேதி மீண்டும் செல்லும்.

“தாமதமாக வாங்கினாலும் உரிமை போகாது” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால்? அது பெரும்பாலும் உரிமையாளருக்குப் பலம்தான். ஆனால் நீண்டகால நடத்தை அந்த வரியையே செல்லாததாக்கிவிட்டது என்ற தீர்ப்புகளும் உண்டு. இடத்துக்கு இடம் மாறும். ரசீதுகளின் தேதியைப் பாருங்கள், வழக்கு அதில்தான் நிற்கும்.