தூணுக்கு முன்னால் நின்று பேசும் சிஸ்டர்கள்

இரண்டு மாதமாக வயிறெரிந்து கிடக்கிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. சிஸ்டர்கள் கையில் வைஃபை போன். வார்டில் இருந்து ஐசியுவுக்கு நீண்ட வராண்டா, இடையில் வைஃபை தரும் பெட்டிகளான ஆக்சஸ் பாயிண்ட் இரண்டு. டாக்டரிடம் மருந்தின் அளவு கேட்டுக்கொண்டே நடந்தால், நடுத்தூண் தாண்டும்போது போன் ஒரு பெட்டியில் இருந்து அடுத்ததற்கு மாறும், குரல் போய்விடும். ஒன்றரை செகண்ட். டாக்டர் சொன்ன எண் அந்த ஓட்டையில் விழுந்துவிடும். "தூண் வந்தா நின்னுருவோம் அண்ணே, பேசி முடிச்சிட்டுத்தான் நடப்போம்" என்றார் ஒரு சிஸ்டர். அவசரத்தில் ஓட வேண்டியவர்கள் தூணுக்கு முன்னால் நிற்கிறார்கள்! கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

வைஃபை போட்டுத் தந்த நிறுவனத்துக்கு ஐந்து தடவை புகார் செய்தேன். ஆள் வருவார், மத்தியானம் ஒரு போனை வாங்கிக்கொண்டு வராண்டாவில் நடப்பார், "ஒரு பிரச்சனையும் இல்லையே" என்பார். கடைசியில், "சிக்னல் வீக், இன்னும் நாலு ஆக்சஸ் பாயிண்ட் போடுங்க" என்று எஸ்டிமேட் நீட்டினார். ஆக்சஸ் பாயிண்ட் கூடினால் மாறும் இடமும் கூடும், பேச்சு இன்னும் நாலு இடத்தில் அறுபடும். இதுகூடத் தெரியாமலா ஒரு ஆஸ்பத்திரிக்கு வைஃபை போடுகிறார்கள்?

சரி, நானே உட்கார்ந்து பார்த்தேன். காலையில் லேப்டாப்பைக் கையில் ஏந்தி, 20 மில்லி செகண்டுக்கு ஒரு பிங், அதாவது பதில் கேட்கும் ஒரு சின்னச் செய்தி, விட்டபடி நடந்தேன். தூணருகே 70 பிங் தொலைந்தது, அதாவது 1.4 செகண்ட். லேப்டாப்பின் லாகில் அதே நேரத்தில் இந்த வரி:

```
CTRL-EVENT-EAP-STARTED EAP authentication started
```

புது ஆக்சஸ் பாயிண்டுக்கு மாறியதும் லாகின் முதலில் இருந்து நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் லாகின் சர்வர் சென்னையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு தடவை செய்தி போய் வர வேண்டும். ஒரு தடவைக்கு நூறு மில்லி செகண்ட் என்றாலே செகண்டுக்கு மேல் ஆகிவிடும். அதுவரை குரல் நகராது.

திரும்பி நடந்தேன், அறுபடவில்லை. மறுபடி போனேன், அப்போதும் இல்லை. அந்த ஆள் ஏமாந்தது இங்கேதான். ஒரு தடவை லாகின் ஆனால் அதில் பிறக்கும் முதன்மைச் சாவியை லேப்டாப்பும் அந்த ஆக்சஸ் பாயிண்டும் சேமித்து வைக்கும், வழக்கமாக 43200 செகண்ட், அதாவது 12 மணி நேரம். திரும்ப வரும்போது சாவியின் அடையாளத்தைச் சொன்னால் போதும். நான்கு செய்தியில் கைகுலுக்கல் முடிந்துவிடும், சென்னைக்குப் போகவே வேண்டாம். காலையில் சிஸ்டர் நடந்து சூடேற்றி வைத்த போனை மத்தியானம் வாங்கி நடந்தால் எப்படி அறுபடும்? ஷிஃப்ட் மாறி போனை அணைத்துப் போட்டாலோ, இடி மழையில் கரண்ட் போய் ஆக்சஸ் பாயிண்ட் ரீஸ்டார்ட் ஆனாலோ சாவி போய்விடும். அடுத்த முதல் நடையில் மறுபடி ஓட்டை.

ஆக, போகாத இடத்துக்கும் சாவி முன்னாலேயே வேண்டும். ப்ரீ-அதென்டிகேஷன் அதற்குத்தான். இந்த ஆக்சஸ் பாயிண்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே, அதன் கேபிள் வழியாகப் போன் அடுத்ததிடம் முழு லாகினையும் முடித்துவிடும். தூண் வரும்போது சாவி அங்கே காத்திருக்கும். 2004இல் வைஃபை பாதுகாப்புத் தரமான 802.11i வந்தபோதே வந்த வசதி இது! எங்கள் பெட்டிகளில் ஆக்சஸ் பாயிண்ட் வேலையைப் பார்ப்பது hostapd என்ற மென்பொருள். வேண்டியது இரண்டே வரி:

```
rsn_preauth=1
rsn_preauth_interfaces=br-lan
```

அவர்கள் `okc=1` என்று மட்டும் போட்டுவிட்டு "கீ கேச்சிங் ஆன்லதான் இருக்கு" என்று சாதித்தார்கள். hostapd-இல் அது ஒரே பெட்டிக்குள் இருக்கும் ரேடியோக்களிடையே மட்டும்தான் சாவியைப் பகிரும். அடுத்த தூணில் தொங்கும் பெட்டிக்கு அது போகவே போகாது. படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு வரியையும் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுநாள் காலை முதல் நடையிலேயே பார்த்தேன். தொலைந்தது 3 பிங், 60 மில்லி செகண்ட். EAP-STARTED வரி தூணுக்கு முன்னாலேயே வந்து முடிந்திருந்தது, தூண் தாண்டும்போது இல்லை. எங்கள் வைஃபை போன்களுக்கு ப்ரீ-அதென்டிகேஷன் தெரியும், அதனால் சிஸ்டர்களுக்கும் சரியானது. டாக்டர்களின் சொந்த போன்கள் பலவற்றுக்குத் தெரியாது, அவை இன்னும் அறுபடத்தான் செய்கின்றன.

மூன்றாம் மாடி மட்டும் இன்னும் தீரவில்லை. அதைத் தனி நெட்வொர்க்காக ரவுட்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ப்ரீ-அதென்டிகேஷன் செய்தி ரவுட்டரைத் தாண்டாது. மாற்றித் தாருங்கள் என்று எழுதிப் பதினெட்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. நேற்று ராத்திரியும் ஒரு சிஸ்டர் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "டாக்டர், எத்தனை எம்எல்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.