பத்து நிமிடத்தில் விலகிய பக்கவாத அறிகுறி

“வாய் கோணி, கை மரத்தாலும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது வெறும் நரம்புத் தளர்ச்சிதான். படுத்து எழுந்தால் போதும்.”

தவறு. மூளையின் ரத்தக்குழாயை அடைத்த சிறு ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கலாம். அது புறப்பட்ட இடம், கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவோ தாளம் தப்பிய இதயமோ, அப்படியேதான் இருக்கிறது. அடுத்த கட்டி கரையாவிட்டால் முழுப் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

எட்டு மணிக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது ஒருவருக்கு வலது விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறுகிறது. எட்டேகாலுக்கு எல்லாம் சரி. அவர் அன்றே போனால் ஈசிஜி, கழுத்து ஸ்கேன், மூளை எம்ஆர்ஐ மூலம் காரணத்தைத் தேடி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்கலாம். மறுவாரம் போனால் பெரும் ஆபத்துக் காலம் கடந்திருக்கும், அதுவும் தப்பித்திருந்தால். அறிகுறி இன்னும் நீடிக்கிறதா? விலகுமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.