பாதிக்குக் கீழே இருந்தால் உயிருக்குக் கணக்கில்லையா?

களுவாஞ்சிகுடியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கணவருக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். மாதக்கணக்காக அதையே பூசினார். ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டு வந்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க ஒருவரும் அனுப்பவில்லை. கடைசியில் பெருங்குடல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது.

"முதலே பிடிச்சிருந்தாலும் தப்புறது அரைவாசிக்கும் குறைவுதானாம் தம்பி. வழக்குப் போட்டா நிக்குமா?" என்று அக்கா கேட்டார்.

நிற்பது கஷ்டம். வைத்தியர் பிழை விட்டார் என்று காட்டினால் போதாது. அந்தப் பிழைதான் இழப்புக்குக் காரணம் என்பதற்கு 50 வீதத்துக்கு மேல் சாத்தியம் இருப்பதையும் நிறுவ வேண்டும்.

இங்கிலாந்தில் 2005இல் முடிந்த கிரெக் எதிர் ஸ்கொட் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கக்கத்தில் இருந்த கட்டியைக் கொழுப்புக்கட்டி என்று வைத்தியர் விட்டுவிட்டார். அது நிணநீர்ப் புற்றுநோய். சிகிச்சை ஒன்பது மாதம் பிந்தியதில், பத்து வருடம் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 42 வீதத்திலிருந்து 25 வீதமாகக் குறைந்தது. தொடக்கமே பாதிக்குக் கீழே என்பதால், 17 வீதம் பறிபோனதற்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஐந்து நீதிபதிகளில் இருவர் மட்டும் அவர் பக்கம் நின்றார்கள்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நோயாளி வைத்தியரிடம் போவதே அந்த வாய்ப்பைக் காப்பாற்றத்தானே? அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநில உயர் நீதிமன்றம் 2008இல் இதை ஏற்று, இழந்த வாய்ப்பின் வீதத்துக்கு ஏற்ப நட்டஈடு கொடுக்கலாம் என்றது. அப்படியானால் 60 வீத வாய்ப்பை இழந்தவருக்கும் முழுத்தொகை கிடைக்காமல் போகுமே என்று எதிர்ப்பக்கத்தில் சொல்வார்கள். உண்மைதான். அந்த இழப்பை நான் ஏற்கிறேன். ஒருவருக்கு முழுவதும் மற்றவருக்கு வெறுங்கையும் என்பதைவிட அது மேல்.

நம் இலங்கையில், மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த ஒரு குழந்தையின் வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை ரத்துச் செய்தது.

சரி, அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 'அரைவாசிக்கும் குறைவு' எந்தக் கட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு? பெருங்குடல் புற்றுநோய் குடலைத் தாண்டாத நிலையில் பிடிபட்டால் பெரும்பாலானோர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். முதல்நாள் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது பரிசோதனை செய்யாததால்தான் தெரியாமல் போனது. பரிசோதிக்காதவருக்கே அந்த இருட்டு சாதகமாகிவிடுவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

அதனால் கொப்பியில் ஹீமோகுளோபின் இறங்கிய திகதிகளை வைத்து, அப்போது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று புற்றுநோய் நிபுணர் ஒருவரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். கிளினிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், முதலில் அதைப் போட்டோப் பிரதி எடுங்கள் என்றும் சொன்னேன். இப்படியான வழக்குக்கு இரண்டு வருடக் காலவரையறை இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கிறது.